வாடகை உயர்வு: விலைவாசியோடு நடப்பதா, நிலையான சதவீதமா?

கடையோ, கிடங்கோ, வங்கிக் கிளையோ, பள்ளியோ ஒரு கட்டடத்தில் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குக் குடியேறும்போது, முதல் மாத வாடகையைப் பற்றி இரு தரப்பினரும் வாரக்கணக்கில் பேரம் பேசுகின்றனர். அந்த வாடகை ஆண்டுதோறும் எவ்வாறு உயர வேண்டும் என்ற வரியோ, பெரும்பாலும் பத்திர எழுத்தரிடம் இருக்கும் பழைய நகலிலிருந்து அப்படியே வந்து அமர்ந்துவிடுகிறது. முதல் மாத வாடகையில் இரண்டாயிரம் ரூபாய்க்காக முறுக்கிக்கொண்டவர்கள், பத்தாம் ஆண்டில் பல ஆயிரங்களை நிர்ணயிக்கப்போகும் அந்த வரியைப் படிக்காமலேயே கையொப்பமிடுகின்றனர்.

(நான் குறிப்பிடுவது மாத வாடகையுடன் கூடிய, பதிவு செய்யப்பட்ட நீண்டகாலக் குத்தகையை. மொத்தத் தொகை ஒன்றைக் கொடுத்துவிட்டு வாடகையின்றிக் குடியிருப்பதை நம் ஊர்களில் 'லீஸ்' என்கிறோமே, அதையன்று.)

உயர்வைத் தீர்மானிக்க இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, ஆண்டுக்கு 5% என்பதுபோல நிலையான சதவீதம். மற்றொன்று, விலைவாசியை அளக்கும் அரசுக் குறியீட்டெண் எவ்வளவு உயர்கிறதோ அவ்வளவு உயர்வு. நம் நாட்டில் முதலாவதே பெருவழக்கு. எது லாபம் என்றுதான் எல்லோரும் என்னிடம் கேட்கின்றனர். அந்தக் கேள்விக்கு விடை சொல்வதற்கு முன், நாமறிந்த அண்மைக்காலக் கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

2015 ஏப்ரலில் மாதம் ஒரு லட்சம் ரூபாய் வாடகையில் பத்தாண்டுக் குத்தகை ஒன்று தொடங்கியதாகக் கொள்வோம். 2016 ஏப்ரல் முதல் 2024 ஏப்ரல் வரை ஒன்பது முறை வாடகை உயரும். நிலையான 5% என்றால் கடைசி ஆண்டில் வாடகை 1,55,133 ரூபாய். இதையே அந்தந்த நிதியாண்டின் சராசரிச் சில்லறைப் பணவீக்கத்தின்படி உயர்த்தியிருந்தால்? 2015-16-இல் 4.9%, அடுத்தடுத்த ஆண்டுகளில் 4.5, 3.6, 3.4, 4.8, 6.2, 5.5, 6.7, இறுதியாக 2023-24-இல் 5.4. இவற்றை ஒன்றின் மேல் ஒன்றாகப் பெருக்கினால் வருவது 1,55,066 ரூபாய். ஒன்பது ஆண்டுகள் கழித்து இரண்டு வழிகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு 67 ரூபாய்!

முடிவில் ஒன்றாக நின்றாலும், இடையில் அவை ஒன்றாக நடக்கவில்லை. விலைவாசி அடங்கியிருந்த தொடக்க ஆண்டுகளில் நிலையான சதவீதம் முன்னால் ஓடியது. 2020 ஏப்ரலில் ஒன்று 1,27,628 ரூபாய், மற்றொன்று 1,23,065 ரூபாய். மாதம் நான்காயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கும் மேல் இடைவெளி. அதன் பின் விலைவாசி ஏற, பின்தங்கிய வாடகை மெல்ல மெல்ல எட்டிப்பிடித்தது. பத்தாண்டுகளையும் கூட்டிப் பார்த்தால் நிலையான சதவீதத்தை ஏற்ற குடியிருப்பாளர் ஏறத்தாழ 150.9 லட்சம் ரூபாயும், குறியீட்டெண்ணை ஏற்றவர் 148.7 லட்சம் ரூபாயும் செலுத்தியிருப்பர். வேறுபாடு ஒன்றரை சதவீதத்தை ஒட்டியது. இதற்காகவா இத்தனை பேச்சு என்று கேட்கத் தோன்றும்.

ஆனால், ஏழே ஆண்டுகள் பின்னோக்கிச் சென்று அதே கணக்கைப் போட்டால் காட்சி மாறிவிடுகிறது. என் முன்னாள் மாணவர் ஒருவரின் தந்தை, 2008 ஏப்ரலில் தம் கட்டடத்தை ஒரு வங்கிக் கிளைக்குக் குத்தகைக்கு விட்டார். உயர்வு ஆண்டுக்கு 5%. அன்றைய நிலையில் அது நியாயமான எண்தான். 2003-04 முதல் 2005-06 வரை தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டெண் ஆண்டுக்கு 4 சதவீதத்தை ஒட்டியே உயர்ந்து வந்தது; விலைவாசியைவிட ஒரு புள்ளி கூடுதலாகவே வாங்குகிறோம் என்று அவர் நம்பியதில் வியப்பில்லை. பிறகு நடந்ததை நாம் அறிவோம். அக்குறியீட்டெண் 2008-09-இல் 9.1%, 2009-10-இல் 12.4%, 2010-11-இல் 10.4%, அதன்பின் 8.4, 10.4, 9.7 என்று ஏறியது.

அவருடைய வாடகையையும் ஒரு லட்சம் என்றே வைத்துக்கொண்டு பார்ப்போம். ஆறு உயர்வுகளுக்குப் பின் 2014 ஏப்ரலில் ஒப்பந்தப்படி அது சுமார் 1,34,000 ரூபாய். விலைவாசியோடு நடந்திருந்தால் சுமார் 1,78,000 ரூபாய். அதாவது, 2008-இல் வாங்கிய வாடகை ஒரு ரூபாய் எனில், ஆண்டுதோறும் 'உயர்ந்து' கொண்டே வந்த வாடகையின் வாங்கும் சக்தி 2014-இல் 75 காசாகச் சுருங்கிவிட்டது.

நிலையான சதவீதத்தின் உண்மையான இயல்பு இங்குதான் வெளிப்படுகிறது. விலைவாசி எதிர்பார்த்ததை விட அதிகமாக உயரும் ஆண்டில் ஏற்படும் இழப்பு அந்த ஆண்டோடு முடிவதில்லை. அடுத்த ஆண்டின் 5%, அந்தக் குறைந்த தொகையின் மேல்தான் கணக்கிடப்படுகிறது. இழப்பு அடித்தளத்தில் தங்கிவிடுகிறது. 2014-க்குப் பிறகு விலைவாசி துளியும் அசையாமல் நின்றிருந்தால்கூட, அந்த 1,34,000 ரூபாய் 5% வீதம் ஏறி 1,78,000 ரூபாயை எட்ட ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் ஆகியிருக்கும். குறியீட்டெண் வழியில் இப்படி நேராது. ஓர் ஆண்டு பின்தங்கியேனும் வாடகை விலைவாசியைத் தொடர்ந்துகொண்டே இருக்கும்.

ஆகவே, எது லாபம் என்ற கேள்விக்குக் கையொப்பமிடும் நாளில் விடை கிடையாது. நிலையான சதவீதம் என்பது எதிர்கால விலைவாசியைப் பற்றிய ஒரு பந்தயம். குறியீட்டெண் என்பது அந்தப் பந்தயத்தில் இறங்காமல் விலகிக்கொள்வது. விலைவாசி மதிப்பீடு பொய்த்துப்போனால் அந்தச் சுமை யார் தோளில் விழ வேண்டும் என்பதைத்தான் அந்த ஒற்றை வரி தீர்மானிக்கிறது. இன்று நம் ரிசர்வ் வங்கிக்கு 4% பணவீக்கம் இலக்கு. மேலும் கீழும் இரண்டு புள்ளி விலகலாம். அந்த இலக்கு நிறைவேறும் என்று நம்புகிறவருக்கு 5% உயர்வு என்பது உண்மை மதிப்பிலேயே ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சதவீத வாடகை உயர்வு. முப்பது ஆண்டுகளில் அது மூன்றில் ஒரு பங்கு கூடுதல் வாடகையாகும். குடியிருப்பவர் அதைத் தெரிந்தே ஒப்புக்கொண்டால் தவறில்லை. தெரியாமல் ஒப்புக்கொள்வதுதான் பெரும்பாலும் நடக்கிறது.

சுமையைத் தாங்கும் வலிமை யாருக்கு இருக்கிறது என்று பார்த்தே இதை முடிவு செய்ய வேண்டும். வாடகையை மட்டும் நம்பி முதுமையைக் கழிப்பவருக்குச் செலவெல்லாம் விலைவாசியோடு ஏறும். அவருக்குக் குறியீட்டெண்ணே காப்பு. கட்டடத்தின் மேல் கடன் வாங்கி மாதத் தவணை கட்டிக்கொண்டிருப்பவருக்கோ, அடுத்த ஆண்டு எவ்வளவு வரும் என்பது இன்றே தெரிய வேண்டும். வாடகை வரவை ஈடாகக் கொண்டு கடன் தரும் வங்கிகளும் நிலையான எண்ணையே விரும்புகின்றன. குடியிருப்பவர் மளிகைக் கடைக்காரர் என்றால் விலை ஏறும்போது அவருடைய விற்பனைத் தொகையும் ஏறும். குறியீட்டெண்ணின்படி வாடகை கொடுப்பது அவருக்கு இயல்பாகவே பொருந்தும். கட்டணத்தை நினைத்தபோது உயர்த்த முடியாத பள்ளிக்கு அது பொருந்தாது.

குறியீட்டெண்ணைப் புகழ்ந்துவிட்டு அதன் குறையை மறைப்பது முறையாகாது. மேலே சொன்ன கணக்கில் 2020-21-ஆம் ஆண்டின் 6.2 சதவீதத்தை மீண்டும் பாருங்கள். பெருந்தொற்றுக் காலம், கடைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தன, ஆனால், பொருள் வரத்து தடைப்பட்டதால் விலைவாசி ஏறியது. வருமானமே இல்லாத குடியிருப்பாளரிடம், ஒன்பது ஆண்டுகளின் இரண்டாவது பெரிய வாடகை உயர்வைக் கொடு என்றது குறியீட்டெண். விலைவாசி ஏறினால் வியாபாரமும் ஏறும் என்ற அனுமானம், தேவை மிகுந்து விலை ஏறும் காலத்துக்குப் பொருந்துமேயன்றி, வரத்து குறைந்து விலை ஏறும் காலத்துக்குப் பொருந்தாது.

அடுத்து, எந்தக் குறியீட்டெண்? 'பணவீக்கத்துக்கு ஏற்ப' என்று மட்டும் எழுதிவிட்டுச் செல்லும் ஒப்பந்தங்களை நான் கண்டிருக்கிறேன். வழக்குக்கு அதைவிட நல்ல விதை கிடையாது. மொத்த விலைக் குறியீட்டெண் 2021-22-இல் 13% உயர்ந்தது, 2023-24-இல் 0.7% இறங்கியது. எரிபொருள், உலோகம், ரசாயனம் போன்றவற்றின் விலையோடு ஆடும் அந்தக் குறியீட்டில் சேவைகளுக்கு இடமே இல்லை. ஒரு துணிக்கடையின் வாடகைக்கும் உலகச் சந்தையின் கச்சா எண்ணெய்க்கும் என்ன உறவு? எனவே, வாடகைக்கு நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணே பொருத்தம். அதிலும் தேசியப் புள்ளியியல் அலுவலகம் வெளியிடுவது ஒன்று. தொழிலாளர் பணியகம் தொழில்துறைத் தொழிலாளர்களுக்காக வெளியிடுவது மற்றொன்று. எந்த ஒன்றாயினும் அதன் முழுப்பெயர் பத்திரத்தில் இருக்க வேண்டும்.

பெயர் மட்டும் போதாது. எந்த மாதத்தின் எண் என்பதும் முக்கியம். 2023 ஜூலையில் தக்காளி விலை வானத்தைத் தொட்டபோது சில்லறைப் பணவீக்கம் 7.44%. அதே ஆண்டு அக்டோபரில் 4.87%. ஒரே தெருவில் ஒரே மாதிரியான இரு கடைகள்; ஒன்றின் ஒப்பந்தம் ஜூலை எண்ணையும் மற்றொன்று அக்டோபர் எண்ணையும் சுட்டியிருந்தால், தக்காளிக்காக ஒருவர் இரண்டரை சதவீதம் கூடுதல் வாடகையைக் கொடுத்திருப்பார்; அதுவும் அந்த ஆண்டுக்கு மட்டுமன்று, அடித்தளத்தில் ஏறிவிட்ட உயர்வாக. மறுபுறம், உணவுப்பொருள் விலை சரிந்த 2025 அக்டோபரில் பணவீக்கம் வெறும் 0.25%. அந்த மாதத்தை நம்பிய கட்டட உரிமையாளருக்கு உயர்வு என்று எதுவுமே கிடைத்திராது. 2012-ஐ அடிப்படையாகக் கொண்ட அந்தத் தொடரில் உணவு, பானங்களின் எடை மட்டும் 45.86%. ஏறக்குறைய பாதி காய்கறியும் தானியமும் பாலும் எண்ணெயுமான ஓர் எண்ணை ஒரே ஒரு மாதத்தில் பிடித்து வாடகைக்கு அளவுகோலாக வைக்கக் கூடாது.

இதற்கு மருந்து புதிதன்று. மத்திய அரசு ஊழியர்களின் அகவிலைப்படி, தொழிலாளர் குறியீட்டெண்ணின் பன்னிரண்டு மாதச் சராசரியைக் கொண்டுதான் கணக்கிடப்படுகிறது. ஓய்வூதியம் பெறும் என்னைப் போன்றவர்கள் ஆண்டுக்கு இருமுறை ஆவலோடு பார்த்திருக்கும் எண் அது. வாடகைக்கும் அதே முறையைக் கையாண்டால் ஒரு மாதத் தக்காளி, ஒரு மாத வெங்காயம் எல்லாம் சராசரியில் கரைந்துவிடும்.

அகவிலைப்படியிலிருந்து கற்க வேண்டிய மற்றொரு பாடம் அடிப்படை ஆண்டு. நீண்டகாலக் குத்தகையின் ஆயுளில் குறியீட்டெண்ணின் அடிப்படை ஆண்டு ஒருமுறையேனும் மாறக்கூடும். 2019 செப்டம்பரில் தொழிலாளர் குறியீட்டெண் 322. அது 2001-ஐ அடிப்படையாகக் கொண்டது. அடுத்த ஆண்டு அதே மாதத்தில், 2016-ஐ அடிப்படையாகக் கொண்ட புதிய தொடர் தொடங்கியது. வெளியான எண் 118.1. இரண்டையும் நேரடியாக ஒப்பிட்டால் விலைவாசி மூன்றில் இரண்டு பங்கு சரிந்துவிட்டதாகத் தோன்றும்! தொழிலாளர் பணியகம் அறிவித்த இணைப்புக் காரணி 2.88. அதனால் 118.1-ஐப் பெருக்கினால் 340.1, அதை 322 உடன் ஒப்பிட்டால் உயர்வு 5.62%. அதுவே சரியான விடை. 'அடிப்படை ஆண்டு மாறினால் அரசு அறிவிக்கும் இணைப்புக் காரணியைப் பயன்படுத்துக' என்ற ஒரு வாக்கியம் பத்திரத்தில் இருந்தால் தகராறு எழாது.

அதே எண்களில் இன்னொரு பொறியும் உண்டு. 322-இலிருந்து 340-க்கு ஏறியது 18 புள்ளிகள், சதவீதத்திலோ 5.6 மட்டுமே. 'குறியீட்டெண் எத்தனை புள்ளி உயர்கிறதோ அத்தனை சதவீதம் வாடகை உயரும்' என்று எழுதப்பட்ட பத்திரத்தில் குடியிருப்பவர் 18% உயர்வுக்குக் கையொப்பமிட்டிருக்கிறார் என்று பொருள்.

நிலையான சதவீதத்திலும் இத்தகைய பொறிகள் இல்லாமல் இல்லை. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை 15% என்பது நம் வணிகக் கட்டடங்களில் பரவலான வழக்கம். ஆண்டுக்கு 5% என்பதும் அதுவும் ஒன்றே எனப் பலரும் நினைக்கின்றனர். ஒன்பதாம் ஆண்டின் முடிவில் முன்னது லட்சத்தை 1,52,000 ஆக்கும். பின்னது 1,55,000 ஆக்கும். இடைப்பட்ட ஆண்டுகளில் உயர்வு தாமதமாவதால் உரிமையாளர் இழப்பது தனி. அந்த 5% முந்தைய ஆண்டின் வாடகை மேலா, முதல் ஆண்டின் வாடகை மேலா என்று பத்திரம் சொல்லாவிட்டால் ஒன்பது ஆண்டுகளில் 55% உயர்வா, 45% உயர்வா என்ற வழக்கும் வரும்.

இரு வழிகளில் ஒன்றை மட்டுமே தேர்ந்தாக வேண்டும் என்பதில்லை. என்னிடம் யோசனை கேட்பவர்களுக்கு நான் சொல்வது, குறியீட்டெண்ணை ஏற்றுக்கொண்டு அதற்கு ஒரு தரையும் ஒரு கூரையும் கட்டுங்கள் என்பதே. உயர்வு 3 சதவீதத்துக்குக் குறையாது, 7 சதவீதத்தை மீறாது என்று வைத்துக்கொள்வோம். 2015-இல் தொடங்கிய நம் முதல் குத்தகையில் எல்லா ஆண்டுகளின் பணவீக்கமும் 3.4-க்கும் 6.7-க்கும் இடைப்பட்டே இருந்தது. தரையும் கூரையும் ஒருமுறைகூடக் குறுக்கிட்டிராது. 2008-இன் குத்தகையிலோ ஆறு ஆண்டுகளும் கூரையில் முட்டியிருக்கும். வாடகை ஆண்டுக்கு 7% ஏறி 1,50,000 ரூபாயில் நின்றிருக்கும். 1,34,000-க்கும் 1,78,000-க்கும் நடுவே, எதிர்பாராத விலையேற்றத்தின் சுமையை இரு தரப்பும் பங்கிட்டுக்கொண்டதற்கு இணையான தொகை அது. அமைதிக் காலத்தில் செலவில்லாமலும், புயல் காலத்தில் இருவரையும் ஓரளவு காத்தும் நிற்கும் ஏற்பாடு என்பதால் எனக்கு இதில் நம்பிக்கை உண்டு.

கூரை கட்டும்போது ஒரு நுட்பத்தைப் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஓர் ஆண்டில் விலைவாசி 10% ஏறி, வாடகை 7 சதவீதத்தோடு நின்றுவிட்டால், விடுபட்ட மூன்று என்ன ஆகிறது? அது அத்தோடு மறைந்துவிடுகிறதா, பணவீக்கம் குறைந்த பின்னாளில் உயர்வோடு சேர்த்து வசூலிக்கப்படுமா? மறைந்துவிடும் என்றால் உரிமையாளரின் இழப்பு நிரந்தரம். சேர்த்து வசூலிக்கலாம் என்றால், விலைவாசி 4% மட்டுமே ஏறும் ஆண்டிலும் குடியிருப்பவர் 7% உயர்வைக் கொடுத்துக்கொண்டிருப்பார். இரண்டில் எதுவும் அநியாயமன்று. எதுவும் எழுதப்படாமல் இருப்பதுதான் அநியாயம்.

பத்திரத்தில் இடம்பெற வேண்டிய வாசகத்தை என் போக்கில் இவ்வாறு எழுதுவேன். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 1 அன்று, முந்தைய ஆண்டு வாடகை குறியீட்டெண் விகிதத்தால் பெருக்கப்படும். அந்த விகிதம், தொழிலாளர் பணியகம் வெளியிடும் தொழில்துறைத் தொழிலாளர்களுக்கான அகில இந்திய நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணின், அதற்கு முந்தைய ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான சராசரியை அதற்கும் முந்தைய பன்னிரண்டு மாதச் சராசரியால் வகுத்துப் பெறப்படும். டிசம்பர் எண் ஜனவரி இறுதியில் வெளியாகிவிடும் என்பதால் ஏப்ரலுக்குள் கணக்குப் போட இரண்டு மாத அவகாசம் இருக்கிறது. இதன்பின் தரையும் கூரையும், விடுபட்ட மிச்சத்தின் கதியும், இணைப்புக் காரணியும். குறியீட்டெண் வெளியிடுவதே நிறுத்தப்பட்டால் எந்த எண் அதன் இடத்துக்கு வரும் என்பதற்கும் ஒரு வரி.

இவை யாவும் பணத்தின் மதிப்பைத்தான் காக்கும். இடத்தின் மதிப்பைக் காக்கா. எதிரே மெட்ரோ நிலையம் வந்து தெருவே மாறிப்போனாலும், புறவழிச்சாலை வந்து கடைத்தெரு வெறிச்சோடினாலும் குறியீட்டெண்ணுக்கும் தெரியாது, 5 சதவீதத்துக்கும் தெரியாது. குத்தகை பத்தாண்டுகளைத் தாண்டுமானால், ஒன்பதாம் அல்லது பத்தாம் ஆண்டில், இரு தரப்பும் ஏற்கும் மதிப்பீட்டாளர் ஒருவர் அக்கம்பக்கத்து வாடகையைப் பார்த்துப் புதிய தொகையை நிர்ணயிப்பார் என்றும், அந்தத் தொகையிலிருந்து குறியீட்டெண் கணக்கு புதிதாகத் தொடங்கும் என்றும் முதல் நாளிலேயே எழுதிவைக்க வேண்டும்.